ஒரே போன் நம்பர், பதினோரு ஆயில் மில்: லிஸ்ட்டில் எங்கே தப்பு?

வரிசை412 · 12 ஜனவரி 2026, இரவு 9:40

கோவையில் ஃபில்டர் துணி விற்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்காக காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சி, உடுமலை சுற்றியுள்ள தேங்காய் எண்ணெய் மில்களின் லிஸ்ட் போட்டுக் கொடுத்தேன். 412 வரி, வரிக்கு 9 ரூபாய் பேச்சு. பெயர், ஊர், போன், ஜிஎஸ்டி எண், வெப்சைட் இருந்தால் அது. கொடுப்பதற்கு முன் முதல் 50 வரியை நானே போன் போட்டுப் பார்த்தேன், 46 சரியாக இருந்தது. தெம்பாக அனுப்பிவிட்டேன்.

இன்று அந்த நிறுவனத்துக்காரர் கூப்பிட்டுக் கத்துகிறார். காங்கேயம் பகுதியில் 40 பேரை அழைத்ததில் 15 வீணாம். ஐந்து நம்பர் போகவில்லை, நான்கு பேர் வெறும் எண்ணெய்க் கடை, மீதி ஆறு அழைப்பையும் எடுத்தது ஒரே ஆள். ஆறாவது முறை அந்த ஆள் "மறுபடியும் நீங்களா?" என்று கேட்டாராம். லிஸ்ட்டில் தேடினால் அந்த நம்பர் பதினோரு மில்லுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. நான் எதையும் கற்பனையாகப் போடவில்லை. பதினொன்றும் இணையத்தில் அப்படியேதான் இருந்தது. இது எப்படி நடக்கும்?

சும்மா_வந்தவன் · 12 ஜனவரி, இரவு 10:02

பவுன்ஸ் செக் பண்ணாமல் அனுப்பியிருப்பீர்கள். மெயில் சரிபார்க்கும் சர்வீஸ் நிறைய இருக்கிறது, ஆயிரம் மெயிலுக்கு சொற்பக் காசுதான். நான் எப்போதும் 98 சதவீதம் காட்டித்தான் அனுப்புவேன்.

வரிசை412 · 12 ஜனவரி, இரவு 10:10

அண்ணா, மெயிலுக்கென்று கட்டமே இந்த லிஸ்ட்டில் கிடையாது. ஆயில் மில்லில் யார் மெயில் பார்க்கிறார்கள்?

பழைய_ஆடிட்டர்_ஆபீஸ் · 13 ஜனவரி, காலை 7:15

தம்பி, அந்த நம்பர் ஒரு கன்சல்டன்ட் அல்லது ஆடிட்டர் ஆபீஸ் பையனுடையதாக இருக்கும். நானே அந்தப் பையனாக இருந்தவன். மில்காரர் உணவு லைசென்ஸுக்கோ வேறு ஏதாவது பதிவுக்கோ எங்களிடம் வருவார். படிவத்தில் மொபைல் நம்பர் கேட்கும். ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். ஒவ்வொரு முறையும் அவரைக் கூப்பிட்டு "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? எங்கள் நம்பரையே போட்டுவிடுவோம். அங்கிருந்து ஏதோ ஒரு டைரக்டரி சைட் அதை எடுக்கும், அதைப் பார்த்து இன்னொன்று எடுக்கும். மூன்று சைட்டில் ஒரே நம்பர் இருந்தால் மூன்று சாட்சி என்று நினைக்காதே. ஒரே சாட்சிதான், மூன்று முறை வந்து நிற்கிறான்.

வரிசை412 · 13 ஜனவரி, காலை 11:30

இது எனக்குப் புதுசு. நான் "இரண்டு இடத்தில் பொருந்தினால் சரி" என்ற விதியைத்தான் வைத்திருந்தேன்.

ஒரே நம்பர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்க இப்படிப் போட்டேன்:

```
=RIGHT(SUBSTITUTE(C2," ",""),10)
=COUNTIF(H:H,H2)
```

முதல் வரி H காலத்தில் கடைசிப் பத்து இலக்கத்தை எடுக்கும், இரண்டாவது எண்ணும். ஒரு நம்பர் 11, ஒன்று 7, இன்னொன்று 4. மீதியெல்லாம் ஒன்று அல்லது இரண்டு.

ஷீட்_கிறுக்கன் · 13 ஜனவரி, மதியம் 1:05

உங்கள் முதல் வரி தப்பு. லேண்ட்லைனை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? 04257 போட்டு, கோடு போட்டு, ஆறு இலக்கம்தானே? ஸ்பேஸ் மட்டும் எடுத்தால் கோடு அப்படியே நிற்கும். பத்து எழுத்து எடுக்கும்போது கோடும் ஒரு எழுத்தாகிவிடும். அதே நம்பரைக் கோடு இல்லாமல் எழுதியிருக்கும் வரியோடு அது சேராது. கூகுள் ஷீட் என்றால் இதைப் போடுங்கள்:

```
=RIGHT(REGEXREPLACE(TO_TEXT(C2),"\D",""),10)
```

இலக்கம் அல்லாத எல்லாம் போய்விடும். ஒரே கட்டத்தில் இரண்டு நம்பர் போட்டிருந்தால் கடைசி நம்பர்தான் வரும், அதை முதலில் இரண்டு காலமாகப் பிரியுங்கள்.

வரிசை412 · 13 ஜனவரி, மாலை 6:20

போட்டேன். 11 என்பது 11தான். 7 இருந்தது 7. ஆனால் 4 இருந்தது 6 ஆகிவிட்டது! இரண்டு வரி கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது.

அந்த ஆறும் கன்சல்டன்ட் இல்லை என்று நினைக்கிறேன். ஆறு பெயரிலும் முதல் சொல் ஒன்றுதான், அதாவது குலதெய்வம் பெயர். கதவு எண்ணும் ஒரே தெருவில் அடுத்தடுத்து. அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட மில்லாக இருக்கும். 11 வரும் நம்பரில் காங்கேயமும் இருக்கிறது, தாராபுரமும் இருக்கிறது, பெயருக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ஏழும் அப்படித்தான். அப்படியானால் விலாசத்தை வைத்தே பிரித்துவிடலாம்: ஒரே நம்பர், ஒரே இடம் என்றால் குடும்பம். ஒரே நம்பர், பல ஊர் என்றால் ஆடிட்டர்.

பழைய_ஆடிட்டர்_ஆபீஸ் · 13 ஜனவரி, இரவு 8:00

பெரும்பாலும் சரி. ஆனால் ஒரே ஊரில் ஏழு மில்லுக்கு எழுதும் ஆடிட்டரும் உண்டு. பெயரையும் பார்.

வரிசை412 · 16 ஜனவரி, மாலை 4:15

பொங்கலுக்கு வீட்டில் இருக்கிறோமே என்று 14ஆம் தேதியிலிருந்து இன்று வரை அழைத்துப் பார்த்தேன். 14 நம்பர் எடுக்கவே இல்லை. சிவப்பு அடித்து "மூடிவிட்டது" என்று எழுதிவிட்டேன்.

காங்கேயம்_களம் · 16 ஜனவரி, மாலை 5:50

மாட்டுப் பொங்கல் அன்றைக்கு காங்கேயத்து மில்லுக்குப் போன் போட்டால் மாடுதான் எடுக்கும்ங்க.

எங்கப்பாவும் மில்தான் வைத்திருக்கிறார். உங்கள் லிஸ்ட்டில் அவர் நம்பரும் கட்டாயம் இருக்கும். ஒரு நாளைக்கு ஆறேழு கால் வருகிறது. லோன் வேண்டுமா, சோலார் வேண்டுமா, டின் வேண்டுமா. கொப்பரை ஏலத்துக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிற்கும்போது அடித்தால் திட்டித்தான் அனுப்புவார். லிஸ்ட் சரியாக வருவதற்கு இவ்வளவு பாடுபடுகிறீர்களே, அதிலிருந்து ஒரு ஆள் வெளியே போக என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

வரிசை412 · 20 ஜனவரி, இரவு 9:00

முதலில் என் தப்பு. அந்த 14 நம்பரை இன்று மறுபடி அழைத்தேன், 9 பேர் எடுத்தார்கள். சிவப்பை அழித்துவிட்டேன். இனிமேல் "எடுக்கவில்லை" வேறு, "நம்பர் உபயோகத்தில் இல்லை" வேறு என்று இரண்டு சொல்லாக வைக்கப் போகிறேன். முதலாவதை வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் மூன்று முறை பார்த்த பிறகுதான் ஏதாவது முடிவு சொல்வேன்.

களம் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

வரிசை412 · 21 ஜனவரி, இரவு 11:45

தூக்கம் வரவில்லை. முதல் 50 வரியில் 46 சரியாக இருந்தது, பிறகு எப்படி இப்படிச் சொதப்பியது? இன்றுதான் புரிந்தது. நான் வரிசையை மேப்பில் வந்த வரிசையிலேயே வைத்திருந்தேன். மேப்பில் மேலே வருவதெல்லாம் நிறைய ரிவ்யூ உள்ள, ஊருக்கே தெரிந்த மில்கள். அவை சரியாகத்தான் இருக்கும். கீழே போகப் போகக் கடை, மூடிய மில், பெயர்ப்பலகை மட்டும் உள்ள ஷெட். சாம்பார் சட்டியில் மேலாக ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு உப்பு சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று ஷீட்டில் ஒரு புதுக் காலத்தில் `=RAND()` போட்டு, அதை மதிப்பாக ஒட்டி (ஒட்டாவிட்டால் ஒவ்வொரு முறையும் எண் மாறி வரிசை கலைந்துகொண்டே இருக்கிறது), அதன்படி வரிசைப்படுத்தி முதல் 50ஐ எடுத்தேன். நாளையிலிருந்து அழைப்பேன்.

வரிசை412 · 23 ஜனவரி, மாலை 7:10

50க்கு 33.

ஷீட்_கிறுக்கன் · 23 ஜனவரி, இரவு 7:40

66 சதவீதம். 412ல் 50 எடுத்ததால் உண்மை ஏறக்குறைய 54க்கும் 78க்கும் நடுவில் எங்கோ இருக்கும். உங்கள் ஆள் 40ல் 15 வீண் என்றார், அதாவது 62 சதவீதம் சரி. அவர் பொய் சொல்லவில்லை.

ஒரு கேள்வி. "சரி" என்றால் என்ன என்று இருவரும் பேசிக்கொண்டீர்களா?

வரிசை412 · 23 ஜனவரி, இரவு 8:05

இல்லை. எனக்குச் சரி என்றால் நம்பர் அந்தப் பெயருக்குப் போக வேண்டும். அவருக்குச் சரி என்றால் ஃபில்டர் துணி வாங்கக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். எக்ஸ்பெல்லர் மெஷினில் பிழிந்து, எண்ணெயை வடிகட்ட ஃபில்டர் பிரஸ் வைத்திருக்கும் மில்லுக்குத்தான் துணி வேண்டும். மரச்செக்கு வைத்து எண்ணெயை வெயிலில் தெளிய வைத்து விற்பவருக்கு எதற்கு? நான் இரண்டையும் "ஆயில் மில்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன்.

பழைய_ஆடிட்டர்_ஆபீஸ் · 24 ஜனவரி, காலை 6:50

ஜிஎஸ்டி எண் வைத்திருக்கிறாயே, அதைப் போர்ட்டலில் போட்டுப் பார்த்தாயா? லாகின் தேவையில்லை, கேப்சா மட்டும்தான். பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தா என்று வரும். முக்கியத் தொழில் உற்பத்தியா வியாபாரமா என்று வரும். கீழே சரக்கு வகை இருந்தால் பார். 1513 என்றால் தேங்காய் எண்ணெய். 1203 மட்டும் இருந்தால் அவர் கொப்பரை வியாபாரி, மில் இல்லாமலும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட ரிட்டர்ன் தாக்கல் பட்டியலைப் பார். சிலருக்குப் பதிவு நடப்பில்தான் இருக்கும், ஆனால் 3பி ரிட்டர்ன் ஏழெட்டு மாதமாகப் போட்டிருக்க மாட்டார். பெரும்பாலும் அது ஓடுகிற மில் இல்லை. போன் எடுக்காத ஆளைப் பற்றி இதைவிட நல்ல துப்பு கிடையாது.

போன் நம்பரை அதில் தேடாதே. வராது, வரவும் கூடாது.

வரிசை412 · 25 ஜனவரி, மாலை 3:30

சந்தேகமான 90 வரியை மட்டும் இப்படிப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். கேப்சாவில் பூஜ்ஜியமா எட்டா என்று தெரியாமல் கண் போச்சு. ஆனால் 22 வரி தெளிவாகச் செத்தது என்று தெரிந்தது.

"உற்பத்தி" என்று போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்ப முடியவில்லை. செக்குக் கடைக்காரரும் உற்பத்தியாளர்தானே.

பழைய_ஆடிட்டர்_ஆபீஸ் · 25 ஜனவரி, இரவு 9:15

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்த ஜிஎஸ்டி எண் காலத்தை அப்படியே கோவைக்காரருக்குக் கொடுத்திருக்கிறாயா? 15 எழுத்தில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை பான் நம்பர்தான். ஆறாவது எழுத்தைப் பார்:

```
=MID(E2,6,1)
```

C வந்தால் கம்பெனி, F வந்தால் பார்ட்னர்ஷிப். P வந்தால் தனி ஆள். அந்த மனுஷனுடைய சொந்தப் பானை நீ எக்செல்லில் எழுதி விற்றிருக்கிறாய். துணி விற்க அது எதற்கு?

வரிசை412 · 25 ஜனவரி, இரவு 9:40

P 236 வரி. வயிற்றைக் கலக்குகிறது.

சும்மா_வந்தவன் · 25 ஜனவரி, இரவு 10:20

ஏன் பயப்படுகிறீர்கள்? அந்த எண்ணை அவரவர் போர்டிலேயே எழுதி வைக்க வேண்டும், பில்லிலும் இருக்கும். இணையத்தில் பொதுவாகக் கிடைப்பதற்குப் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பப்ளிக் என்றால் பப்ளிக்.

பழைய_ஆடிட்டர்_ஆபீஸ் · 26 ஜனவரி, காலை 7:30

பாதி சரி. 2023 சட்டத்தின் 3ஆம் பிரிவு "பொதுவாகக் கிடைப்பது" என்று சும்மா விட்டுவிடவில்லை. சம்பந்தப்பட்ட ஆளே வெளியிட்டிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி வெளியிட வேண்டிய கடமை உள்ள வேறொருவர் வெளியிட்டிருக்க வேண்டும். மில்காரர் தன் வெப்சைட்டில் போட்ட நம்பர் அந்த விலக்கில் வரும். ஏதோ ஒரு டைரக்டரி எங்கிருந்தோ உருவிப் போட்ட நம்பர் வராது. நீ சொல்லும் போர்டு, பில் சரிதான், அந்த எண் ஊரறிந்ததுதான். அதற்காக 236 பேருடையதை ஒரே ஃபைலில் போன் நம்பரோடு கோத்துக் கொடுப்பதை நான் செய்ய மாட்டேன். வாங்கியவர் அதை யாருக்கு அனுப்புவார் என்று உனக்குத் தெரியுமா?

விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும், அதாவது 2027 மே. பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் போர்டு நம்பர் தனிநபர் தரவு இல்லை. தனி ஆள் நடத்தும் மில்லில் கம்பெனி நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

ஃபிராங்க்ஃபர்ட்_இட்லி · 26 ஜனவரி, மாலை 6:00

நான் ஜெர்மன் கம்பெனிகள் லிஸ்ட் போடுகிறேன். அங்கே முன் சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்புவது கம்பெனிக்குக்கூடத் தப்பு, போட்டிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. லிஸ்ட் சுத்தமாக இருந்தாலும் அனுப்புகிற ஆள் மாட்டுவார். நம்ம ஊரிலும் அப்படித்தானே?

வரிசை412 · 26 ஜனவரி, இரவு 8:20

இங்கே மெயிலைவிடப் போன்தான் பிரச்சினை. மொத்தமாக விற்பனைக் கால் பேசுகிறவர் பதிவு செய்துகொண்டு 140 வரிசை நம்பரில்தான் பேச வேண்டும் என்று டிராய் சொல்கிறது. சாதாரண மொபைலிலிருந்து வந்தால் 1909க்குப் புகார் போகலாம், லைனை வெட்டலாம். கோவைக்காரரிடம் சொன்னேன். "நான் என்ன கால் சென்டரா, ஒரு நாளைக்குப் பத்து பேரிடம் நான்தானே பேசுகிறேன்" என்றார். பத்துப் பேர் மொத்தமா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை. யாராவது தெளிவாகத் தெரிந்தவர் இருந்தால் எழுதுங்கள்.

வரிசை412 · 30 ஜனவரி, இரவு 10:30

நான்கு நாளாக மளிகைக் கடை மளிகைக் கடையாக அலைகிறேன். வேலை போய்விட்டதோ என்று என் வீட்டில் கவலை.

பாக்கெட்டில் வரும் எண்ணெயின் லேபிளில் தயாரிப்பாளர் பெயர், விலாசம், புகாருக்கான போன் இருந்தே ஆக வேண்டும். 2011 பொட்டலப் பொருட்கள் விதி. சட்டப்படி அவர்களே அச்சடித்து உலகத்துக்குக் கொடுத்த நம்பர் அது. ஆடிட்டர் நம்பர் அதில் வராது, ஏனென்றால் எண்ணெய் கெட்டுப்போனால் திட்டு வாங்க ஆடிட்டர் சம்மதிக்க மாட்டார். பதினெட்டு ஆடிட்டர் வரியில் (11+7) ஒன்பதுக்கு லேபிளிலிருந்தே மில் நம்பர் கிடைத்தது. இன்னும் நான்குக்கு அவர்கள் சொந்த வெப்சைட்டில். மீதி ஐந்தில் போன் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.

லேபிளில் ஒரு பொறி இருக்கிறது. "தயாரிப்பவர்" என்று ஒரு விலாசம், "விற்பனை செய்பவர்" என்று இன்னொரு விலாசம் இருக்கும். பிராண்ட் வைத்திருப்பவருக்கு மில் இருக்காது. முதல் இரண்டு நாள் இதைப் பார்க்காமல் மூன்று வரியில் விற்பவரை எழுதி, திரும்பத் திருத்தினேன். இன்னொன்று, லேபிளில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண். 2ல் தொடங்கினால் அது சிறு வியாபாரப் பதிவு, பெரும்பாலும் செக்கு. 1ல் தொடங்கினால் லைசென்ஸ். கடைகளைப் பிரிக்க இதுதான் கடைசியில் கைகொடுத்தது, மேப்பில் உள்ள போட்டோவுக்கு அடுத்தபடியாக. போட்டோவில் கொப்பரை காயும் களம் தெரிந்தால் அது மில். கல்லாப் பெட்டியும் பாட்டிலும் தெரிந்தால் கடை.

இப்போது ஒவ்வொரு போன் நம்பருக்கும் பக்கத்தில் இரண்டு காலம்: எங்கே பார்த்தேன், எந்தத் தேதியில். "லேபிள், 28 ஜனவரி." "மில் வெப்சைட், 29 ஜனவரி." டைரக்டரி சைட் மட்டுமே ஆதாரம் என்றால் நம்பரையே எழுதுவதில்லை. மேப்பிலிருந்தும் நம்பரை எடுப்பதில்லை, மொத்தமாக எடுத்து லிஸ்ட் போடக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. எந்த மில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் மேப். ஆரம்பத்தில் நான் அப்படிச் செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வரிசை412 · 2 பிப்ரவரி, இரவு 9:15

கணக்கு. 412ல் இரட்டிப்பு 9, கடை 61, மூடியது 22 போக 320. மறுபடி கலைத்துப் போட்டு 50 எடுத்தேன். இந்த முறை "சரி" என்றால் மில் ஓட வேண்டும், எக்ஸ்பெல்லர் இருக்க வேண்டும், நம்பர் மில்லில் யாரிடமாவது சேர வேண்டும். 45 தேறியது. ஜிஎஸ்டி காலத்தை எடுத்துவிட்டு, "பார்த்தேன், நடப்பில் உள்ளது" என்ற சொல்லையும் தேதியையும் மட்டும் வைத்தேன். பழைய ஃபைலை அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டேன் என்கிறார்.

320 வரிக்கு 2,880 ரூபாய் கொடுத்தார். முதல் சுற்று 26 மணி நேரம், இரண்டாவது 19. மணிக்கு 64 ரூபாய். செக்கு மாட்டுக்குப் பிண்ணாக்காவது மிஞ்சும்.

சும்மா_வந்தவன் · 2 பிப்ரவரி, இரவு 9:50

செத்த வரிக்கும் காசு கேட்டிருக்க வேண்டும். செத்தது என்று கண்டுபிடித்ததும் வேலைதானே?

வரிசை412 · 3 பிப்ரவரி, காலை 8:00

கேட்டேன். "செத்த மில்லுக்கு நான் துணி விற்க முடியுமா?" என்றார். அடுத்த வேலைக்கு வரிக்கணக்கு வேண்டாம், சோதித்த வரிக்கணக்கு என்று பேசலாம் என்றிருக்கிறேன். ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. இதற்குள் "உரிமையாளர் பிறந்தநாள், வீட்டு நம்பர் சேர்த்துக் கொடுத்தால் வரிக்கு 20" என்று ஆசை காட்டுகிறார். முடியாது என்றேன். 500 ரூபாய்க்குப் பத்து லட்சம் நம்பர் விற்கிறார்களாம், அங்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதில் உங்கள் நம்பரும் இருக்கும், தேடிப் பாருங்கள் என்றேன்.

வரிசை412 · 5 பிப்ரவரி, இரவு 10:00

களம் கேட்டது, லிஸ்ட்டிலிருந்து ஒரு ஆள் வெளியே போக என்ன வழி என்று. "என்னை அழைக்காதே" என்று சொன்னவரின் வரியை முதலில் அப்படியே அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அழித்தால் அடுத்த லிஸ்ட் போடும்போது அதே லேபிளைப் பார்த்து அதே நம்பரை நானே திரும்ப எழுதிவிடுவேன். அதனால் வேறு ஒரு ஷீட்டில் அந்தப் பத்து இலக்கத்தை மட்டும், பெயர் ஊர் எதுவும் இல்லாமல் வைத்து, எந்தப் புது லிஸ்ட்டையும் கொடுப்பதற்கு முன் அதோடு ஒப்பிட்டு நீக்குகிறேன். இதுவரை நான்கு நம்பர்.

காங்கேயம்_களம் · 6 பிப்ரவரி, காலை 6:40

அப்போதும் எங்கப்பா நம்பர் உங்களிடம்தானே இருக்கும்ங்க?

வரிசை412 · 6 பிப்ரவரி, இரவு 9:30

இருக்கும். வேறு வழி தெரியவில்லை. வேண்டாமென்றால் அதையும் எடுத்துவிடுகிறேன், ஆனால் அடுத்த முறை நானே அழைத்துவிட்டால் திட்டாதீர்கள்.

காங்கேயம்_களம் · 7 பிப்ரவரி, காலை 7:05

அப்பாவிடம் கேட்டேன். திட்டுவாராம். ஆனால் ஃபில்டர் துணி என்ன விலை என்று கேட்கச் சொன்னார்.